லீவு கிடைத்தது, போனும் கூடவே வர வேண்டுமாம்

அக்கா,

நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் விநியோக நிறுவனத்தின் கிளையில் கணக்குப் பகுதியில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். மெனேஜர் கொழும்பில் இருக்கிறார், மாதத்தில் ஒருமுறை வருவார். அடுத்த மாதம் அம்மன் கோவில் வைகாசிச் சடங்குக்கு அம்மாவின் ஊருக்குப் போக வேண்டும். வெல்லாவெளிக்கு உள்ளே இருக்கிற ஊர். இந்த வருடம் எங்கள் குடிக்குரிய பூசை. கதவு திறந்து குளிர்த்தி முடியும்வரை நிற்க வேண்டும், வேலை நாட்கள் ஐந்து போகும். ஊரில் சிக்னல் இல்லை. குளக்கட்டில் ஏறினால் ஒரு கோடு வரும், அதுவும் போய்ப் போய் வரும்.

பேங்க் பேமென்டுக்கு இரண்டாவது அனுமதி கொடுப்பவள் நான். ஓடீபி என் போனுக்குத்தான் வரும். சேஃபின் ஒரு திறப்பும் என்னிடம், செக்கிலும் என் கையெழுத்து வேண்டும். போன வருடம் பின்னேரம் குளக்கட்டுக்கு ஓடி ஓடீபியை வாசித்துக் காட்டினேன், அந்தப் பக்கம் யானை வருகிற இடம். இந்த முறை மெனேஜர், "லீவு எடுங்க, பிரச்சினை இல்லை, ஆனால் போனை ஒன்-ல வையுங்க" என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டிவிட்டேன்.

போன் உடைந்துவிட்டது என்று சொல்லலாமா? அல்லது போகிற அன்று காலையில் மெசேஜ் போட்டுவிட்டுப் போனால் மறுக்க முடியாதுதானே? ஐந்து நாள் பிடிபடாவிட்டால் வேலையைக் கைவிட்டதாகக் கடிதம் அனுப்புவார்களா? பாஸ்வேர்டை என்னோடு வேலை செய்கிற பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனால் போதுமா?

— பெயர் வேண்டாம், மட்டக்களப்பு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற மூன்றையும்விட அதுதான் ஆபத்தானது. பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன். தொழில் வழக்குகளில் என் முன்னால் வந்து உட்காருகிறவர்களில் லீவு எடுத்ததால் மாட்டிக்கொண்டவர்கள் குறைவு. லீவில் போகும்போது தன் பெயரை அலுவலகத்தில் விட்டுவிட்டுப் போனதால் மாட்டிக்கொண்டவர்கள்தான் கூட.

லீவு வேறு, பிடிபடாமல் இருப்பது வேறு

நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். மெனேஜரும் அப்படித்தான். லீவு என்பது உங்களுக்குச் சட்டம் தந்திருப்பது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி உங்களைப்போல் மூன்று வருடம் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கெஷுவல் லீவும் சம்பளத்தோடு உண்டு. அந்த 14 நாளில் குறைந்தது 7 நாளைத் தொடர்ச்சியாக எடுக்க இடம் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே ஐந்து நாள் ஒன்றாக வேண்டும் என்று கேட்பது பெரிய சலுகை கேட்பதல்ல. இதை உங்கள் வருடாந்த லீவிலிருந்தே கேளுங்கள். கெஷுவல் லீவு திடீரென்று வருகிற தேவைக்கானது, அதை வைத்துக்கொள்ளுங்கள். சுகமில்லை என்று போடும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். 14 நாள் உங்கள் உரிமை என்பதால் எந்தக் கிழமை என்பதும் உங்கள் இஷ்டம் என்றாகிவிடாது. திகதியை இருவரும் பேசித்தான் முடிவு செய்வது வழக்கம். வேலையைக் காரணம் காட்டி அவர் வேறு கிழமை கேட்கலாம். அதனால்தான் போகிற அன்று காலையில் மெசேஜ் போடுகிற யோசனை உதவாது. அவர் மறுக்க முடியாது என்பதல்ல, அவருக்கு மறுக்க நேரம் இருக்காது என்பதுதான் உண்மை. அனுமதி இல்லாமல் போனவர் என்று பின்னால் எழுதுவதற்கு அந்த மெசேஜே அவருக்குச் சாட்சியாகிவிடும்.

பிடிபடாமல் இருப்பது இன்னொரு விஷயம். லீவு நாளில் போனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தனியாக ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லை. பிரான்சில் 2017இலும் அவுஸ்திரேலியாவில் 2024இலும் அப்படி ஒன்று வந்தது. அங்கே வேலை செய்கிற சொந்தக்காரர் யாராவது சொல்லி நீங்கள் அதை நம்பியிருந்தால், அது இங்கே செல்லாது. அதே நேரம் லீவு என்றால் வேலை செய்யாத நாள். ஒரு நாள் உங்களை வேலை செய்ய வைத்தால் அந்த நாளை லீவிலிருந்து கழிக்காதீர்கள் என்று நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் நியமனக் கடிதத்தில் "எந்த நேரமும் தொடர்பில் இருக்க வேண்டும்" என்பதுபோல் ஏதாவது வரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த இரண்டாவது விஷயத்தைச் சட்டத்தைக் காட்டி வெல்ல முடியாது. அதை ஒழுங்கு செய்துதான் முடிக்க வேண்டும்.

மெனேஜர் "போனை ஒன்-ல வையுங்க" என்றதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் உங்களை விரட்டிப் பிடிக்க நினைக்கிறார் என்று எடுக்கத் தேவையில்லை. உங்கள் போன் ஊமையானால் கிளையில் பேமென்ட் நின்றுவிடும், சேஃப் திறக்காது. அந்தப் பயத்துக்கு அவரிடம் வேறு பதில் இல்லை, அதனால் போனைக் கேட்கிறார். கொழும்பில் இருக்கிறவருக்கு வெல்லாவெளிக்கு அப்பால் கோடு வராது என்பது விளங்காமலும் இருக்கலாம். நீங்கள் அவரிடம் கொண்டு போக வேண்டியது அந்தப் பயத்துக்கான பதில்.

உங்கள் கையில் மட்டும் இருக்கிறவை

ஒரு தாளை எடுத்து, நீங்கள் இல்லாவிட்டால் உண்மையாகவே நின்றுபோகிறவை எவை என்று எழுதுங்கள். வேலைப் பட்டியல் வேண்டாம். இன்வொய்ஸ் போடுவது, லெட்ஜர் பார்ப்பது எல்லாம் ஐந்து நாள் தேங்கினால் தேங்கட்டும், வந்து பார்க்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தால் மூன்றுதான் தெரிகிறது: ஓடீபி, திறப்பு, கையெழுத்து.

ஓடீபியில் தொடங்குகிறேன். போன வருடம் நீங்கள் குளக்கட்டில் நின்று இலக்கங்களை வாசித்தீர்கள். பேங்கின் பதிவில் என்ன இருக்கும் தெரியுமா? முதலாவது ஆள் பேமென்டைப் போட்டார், இரண்டாவது ஆளாகிய நீங்கள் அதைப் பார்த்து அனுமதித்தீர்கள் என்று இருக்கும். நீங்கள் பார்த்தீர்களா? இல்லை. யாருக்குப் போகிறது, எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் லொகினுக்குள்ளேயே வேறொருவர் இருந்திருக்கிறார். ஒரு பேமென்டுக்கு இரண்டு பேர் என்று நிறுவனம் வைத்ததே ஒருவர் பிழை விட்டாலும் களவெடுத்தாலும் மற்றவர் பிடிப்பதற்குத்தான். அன்று அந்த இரண்டு பேரும் ஒரே ஆள். நாளைக்கு அதில் ஒன்று பிழைத்தால், "மெனேஜர்தான் வாசிக்கச் சொன்னார்" என்பது வாய்வார்த்தை, பதிவில் இருப்பது உங்கள் பெயர். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போவதும் இதுவேதான், இன்னும் மோசம். உங்கள் பெயரில் அங்கே என்ன நடக்கிறது என்று ஐந்து நாளும் உங்களுக்குத் தெரியவே வராது.

இதற்குச் சரியான வழி பேங்கில் உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுமதி கொடுப்பவராகச் சேர்ப்பது. தற்காலிகமாகச் சேர்க்கலாம், நிரந்தரமாக மூன்றாவது ஆளாகவும் வைக்கலாம். நிரந்தரமாக வைப்பதே நல்லது. அடுத்த முறை உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் இதே கதைதானே. ஆனால் இது ஒரு நாள் வேலையல்ல. நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர்கள் பேங்க் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், சில இடங்களில் பணிப்பாளர் சபையின் தீர்மானமும் கேட்பார்கள், புதியவருக்குத் தனியாக லொகினும் ஓடீபிக்கு அவருடைய போன் நம்பரும் பதிய வேண்டும். இவ்வளவும் கொழும்புக்குப் போய் வர வேண்டும். நீங்கள் மெனேஜரிடம் ஒரு மாதம் முன்பே பேச வேண்டும் என்று நான் சொல்வதன் முழுக் காரணமும் இதுதான். லீவுக்கு மட்டும் என்றால் பத்து நாள் போதும்.

பேங்க் வேலை முடியாமல் போனால் இரண்டாவது வழி, பேமென்டுகளை முன்கூட்டியே போட்டுவிடுவது. அந்தக் கிழமையில் போக வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, திகதி வைத்து அனுப்பும் வசதி உங்கள் பேங்கில் இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் நீங்களே பார்த்து அனுமதித்துவிடுங்கள். சம்பளம் அந்தக் கிழமையில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். ஐந்து நாள் உங்களால் தள்ள முடியாதது அது. ஊழியர் சேமலாப நிதிக் காசை அடுத்த மாத முடிவுக்குள் கட்டினால் போதும், அதை நினைத்துப் பதற வேண்டாம். விநியோகஸ்தர்கள் ஐந்து நாள் பொறுப்பார்கள், ஒரு போன் போட்டுச் சொன்னால்.

மூன்றாவதாக ஒரு வழியை மெனேஜர் சொல்லக்கூடும்: "நாலைந்து செக்கில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போங்க." முடியாது என்று சொல்லுங்கள். பெயரும் தொகையும் எழுதாத செக்கில் கையெழுத்துப் போடுவது பாஸ்வேர்டைவிட மோசம். பாஸ்வேர்டையாவது திரும்பி வந்து மாற்றலாம். யாருக்கு, எவ்வளவு என்று முழுதாக எழுதி, பின்னால் திகதி போட்ட செக் வேறு கதை. அதைக் கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொன்றின் நம்பரையும் எழுதிக் கொடுத்து வாங்கியவரின் கையெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது திறப்பு. இதில் எல்லோரும் அசட்டையாக இருப்பார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று திறப்பை மேசையில் வைத்துவிட்டு ஓடுவது, அல்லது யாரிடமாவது கையில் திணித்துவிட்டுப் போவது. அப்படிச் செய்யாதீர்கள். வாங்குகிறவர் மற்றத் திறப்பு வைத்திருக்கிறவராக இருக்கக்கூடாது, இரண்டும் ஒருவரிடம் போனால் இரண்டு திறப்பு வைத்ததற்கே அர்த்தமில்லை. யாரிடம் கொடுப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், மெனேஜர் எழுத்தில் சொல்லட்டும். கொடுக்கும்போது மூவருமாகச் சேஃபைத் திறந்து, உள்ளே இருக்கிற காசை எண்ணி, நோட்டு வகைப்படி எழுதி, செக் புத்தகங்களின் கடைசி நம்பர்களையும் எழுதி, திகதியும் நேரமும் போட்டு மூவரும் கையெழுத்திடுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. திறப்புப் பதிவேடு என்று ஒன்று உங்கள் கிளையில் இல்லையென்றால் சாதாரணக் கொப்பி ஒன்றில் தொடங்குங்கள். அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து மெனேஜருக்கு அனுப்பிவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

என்ன சொல்வது, எப்படி எழுதுவது

தலையாட்டியதை நினைத்துக் கவலைப்படாதீர்கள், அதைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் முதலில் போனில் பேசுங்கள், எழுத்து பிறகு. நேரே மெயில் போனால் சண்டைக்கு வந்ததுபோல் தெரியும். பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்: "சேர், அன்றைக்குப் போனை ஒன்-ல வைக்கிறேன் என்றேன். வைத்தாலும் அங்கே கோடு வராது, நான் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் இல்லாமல் நிற்கிறது மூன்று விஷயம்தான், மூன்றுக்கும் ஒழுங்கு யோசித்து வைத்திருக்கிறேன், மெயிலில் போடட்டுமா?" இதற்கு வேண்டாம் என்று சொல்கிற மெனேஜரை நான் அதிகம் கண்டதில்லை.

பிறகு மெயில். உங்கள் அலுவலகத்தில் ஓடுகிற மொழியில் போடுங்கள், சாரம் இப்படி இருக்கட்டும்:

"சேர், இன்று போனில் பேசியதன்படி, மூன்றாம் கிழமை திங்கள் தொடக்கம் வெள்ளி வரை ஐந்து நாள் என் வருடாந்த லீவிலிருந்து தரும்படி கேட்கிறேன். போகிற ஊரில் தொலைபேசித் தொடர்பு நம்பத்தக்கதாக இல்லை. ஆகவே அந்த ஐந்து நாளும் என்னைத் தொடர்புகொள்ள முடியாது என்று வைத்தே திட்டமிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பேங்க் அனுமதிக்கு மாற்று ஆளாக ஒருவரை நீங்கள் பெயரிட்டால் படிவத்தை நாளையே தயார் செய்கிறேன். அந்தக் கிழமைக்குரிய பேமென்டுகளின் பட்டியலை அதற்கு முந்திய கிழமை புதன்கிழமை அனுப்புகிறேன், அது கிடைத்ததும் உங்கள் அனுமதியைத் தரவும். சேஃப் திறப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் எழுதி அறிவிக்கவும். உயிர், உடைமைக்கு ஆபத்து என்கிற அவசரம் என்றால் கீழுள்ள நம்பரில் இருக்கிற என் உறவினர் ஆள் அனுப்பித் தகவல் சேர்ப்பார். அடுத்த திங்கள் காலை வேலைக்கு வருவேன்."

திகதிகளை உங்கள் கலண்டரைப் பார்த்துப் போடுங்கள். சடங்கு, குடி, பூசை என்று விளக்கம் எழுதவில்லை, கவனித்தீர்களா? வருடாந்த லீவுக்குக் காரணம் எழுதத் தேவையில்லை. போனில் கேட்டால் சொல்லுங்கள், மறைக்க வேண்டிய விஷயமும் இல்லை. எழுத்தில் காரணம் போட்டால் அந்தக் காரணம் அவ்வளவு முக்கியமா என்பதைப் பற்றிய பேச்சாக அது திரும்பிவிடும்.

"தொடர்புகொள்ள முடியாது என்று வைத்தே திட்டமிடும்படி" என்ற வரியை மட்டும் மாற்றாதீர்கள். "சிக்னல் இல்லவே இல்லை" என்று எழுதாதீர்கள், அது முழு உண்மையல்ல, குளக்கட்டில் வரும் என்று உங்களுக்கே தெரியும். "முடிந்தால் எடுக்கிறேன்", "ட்ரை பண்ணுகிறேன்" என்றும் எழுதாதீர்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் மாற்று ஒழுங்கு செய்யாமல் விட்டுவிடுவார், பிறகு நீங்கள் பொழுதுபட யானை வருகிற கட்டில் நிற்க வேண்டி வரும்.

போனைப் பற்றிக் கொஞ்சம்

போன் உடைந்தது என்ற பொய் ஏன் நிற்காது என்று சொல்கிறேன். நீங்கள் சடங்கு நேரத்தில் கட்டுப் பக்கம் போகும்போது போன் தானாக ஒரு கோட்டைப் பிடிக்கும். உடனே மெனேஜர் மூன்று நாளாக அனுப்பிய வட்ஸ்அப் மெசேஜ்கள் எல்லாம் வந்து விழும், அவருடைய பக்கத்தில் ஒற்றைச் சரி அடையாளம் இரட்டையாக மாறும். அதோடு தங்கச்சிமார் கேட்டார்கள் என்று பூசைப் படம் ஒன்றை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. நேர்மையாக எழுதியிருந்தால் இதே ஒற்றைச் சரி உங்களுக்குச் சாட்சி: மெசேஜ் உங்கள் போனுக்கு வந்து சேரவே இல்லை என்று அவரே பார்ப்பார். எப்படியிருந்தாலும் அந்தக் கிழமை ஸ்டேட்டஸ் போடாதீர்கள். வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள்.

வாடிக்கையாளர்கள் உங்கள் நம்பருக்கு நேரே எடுக்கிறவர்கள் என்றால், போன் எட்டாத நேரம் மட்டும் அழைப்பு அலுவலக நம்பருக்குப் போகும்படி வைக்கலாம். சிக்னல் உள்ள இடத்தில், புறப்படுமுன் இதை அடித்து அழைக்க வேண்டும். நடுவில் இருப்பது அலுவலக நம்பர்:

```
**62*065XXXXXXX#
```

திரும்பி வந்ததும் நீக்க:

```
##62#
```

வைத்த பிறகு உங்கள் போனை நிறுத்திவிட்டு வேறு போனிலிருந்து எடுத்துப் பாருங்கள், சில பெக்கேஜ்களில் இது வேலை செய்யாது. அப்படித் திரும்பிப் போகிற அழைப்புக்கான காசு உங்கள் கணக்கில்தான் வெட்டுப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். தனி ஆளின் கைபேசிக்குத் திருப்புவதென்றால் அவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

அவசரத்துக்கு ஒரு ஆளைக் கொடுத்திருக்கிறேன் பாருங்கள், களுவாஞ்சிக்குடியிலோ வெல்லாவெளிச் சந்தியிலோ, கோடு நன்றாக வருகிற இடத்தில் இருந்து ஊருக்கு மோட்டார் சைக்கிளில் வந்து போகக்கூடிய உறவுக்காரராக அவர் இருக்க வேண்டும். அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: பேமென்ட் விஷயம், ஃபைல் எங்கே என்பதெல்லாம் அவசரமல்ல, அதற்காக வர வேண்டாம்.

மெனேஜர் விடாமல், நாளுக்கு ஒரு தடவையாவது எடுக்கச் சொன்னால் என்ன செய்வது? ஒத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் கருத்து. ஐந்து வாக்கில் நான்கைக் காப்பாற்றி ஒன்றைத் தவறவிட்டால் அவருக்கு அந்த ஒன்றுதான் தெரியும். மிஞ்சி மிஞ்சிப் போனால் புதன்கிழமை ஒரு தடவை, பகலில், யாராவது சாமான் வாங்கச் சந்திக்குப் போகும்போது நீங்களும் போய் எடுக்கிறேன் என்று சொல்லுங்கள். குளக்கட்டு வேண்டவே வேண்டாம்.

மறுத்தால்

வேலையைக் கைவிட்டதாகக் கடிதம் வருமோ என்று கேட்டிருந்தீர்கள். லீவு எழுத்தில் அனுமதிக்கப்பட்டிருந்தால் வராது, வந்தாலும் நிற்காது. ஒருவர் சேவையைக் கைவிட்டார் என்று சொல்ல, அவர் வேலைக்கு வரவில்லை என்பது மட்டும் போதாது, திரும்பி வரும் எண்ணமே இல்லாமல் போனார் என்பதும் வேண்டும் என்று நம் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. திங்கள் வருவேன் என்று உங்கள் மெயிலில் கடைசி வரியாக நான் போட்டது அதற்குத்தான். அந்த மெயிலையும் அவருடைய பதிலையும் உங்கள் சொந்த ஈமெயிலுக்கும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பேங்க் விவரம், பேமென்ட் பட்டியல் போன்ற நிறுவனத்தின் கோப்புகளை மட்டும் அனுப்பாதீர்கள், லீவுப் பதில் போதும்.

அவர் பதிலே போடாமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கிழமை பார்த்துவிட்டு மனிதவளப் பிரிவையும் சேர்த்து அதே மெயிலை மறுபடி அனுப்புங்கள்.

எழுத்தில் மறுத்துவிட்டார் என்றால் நிலைமை வேறு. மறுத்த பிறகும் போனால், கைவிட்டதாகச் சொல்ல முடியாவிட்டாலும், அனுமதியின்றி வராமல் நின்றது என்று ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு இடம் கிடைக்கும், அந்த நாட்களின் சம்பளமும் வெட்டுப்படலாம். அதை ஏற்றுக்கொண்டு போவதா இல்லையா என்பதை நான் சொல்ல முடியாது, உங்கள் குடிக்கு இந்தப் பூசை அடுத்து எப்போது வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் ஒரு படி இருக்கிறது: ஐந்து நாளுக்குப் பதிலாக, குளிர்த்தியை ஒட்டிய மூன்று நாளைக் கேட்டுப் பாருங்கள். பூரணை நாள் வேலை நாளில் விழுந்தால் அது எப்படியும் விடுமுறை, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இந்த வருடத்தில் 7 நாள் தொடர்ச்சியாக உங்களுக்கு லீவே தரப்படவில்லை என்றால் மட்டக்களப்பிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். சடங்குக்கு முன் அது முடிந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வேலையிலிருந்தே நிறுத்திவிட்டார்கள் என்கிற அளவுக்குப் போனால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும், அந்தத் தவணையைத் தவறவிடக்கூடாது. உங்கள் கதை அவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்த திங்கள் காலை இரண்டு வேலையை மறக்காதீர்கள். சேஃப் திறப்பைத் திரும்ப வாங்கும்போதும் மூவருமாகக் காசை எண்ணி எழுதிய பிறகுதான் கையெழுத்து, "எல்லாம் சரியாக இருக்கு, சும்மா போடுங்க" என்றால் போடாதீர்கள். அப்புறம் பேங்க் லொகினைத் திறந்து, நீங்கள் ஊரில் இருந்த நாட்களில் உங்கள் பெயரில் ஏதாவது அனுமதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இருக்கக்கூடாது. ஒன்று இருந்தாலும் அன்றே மெனேஜருக்கு எழுதிக் கேளுங்கள். போன வருடம் வாசித்துக் கொடுத்ததை யாராவது கிளறினால், அதற்குப் பதில் எழுதுமுன் என்னிடம் வாருங்கள்.